பம்பரத்தில் ஐந்து எழுத்து

என் மேசை லாச்சிக்குள் ஒரு தகரப் பேணி இருக்கிறது. அதற்குள் பிறிஸ்டல் போட்டில் வெட்டிய ஐந்து துண்டுகள். இரண்டில் 'ப', இரண்டில் 'ம்', ஒன்றில் 'ர'. முன்பக்கத்தில் ஒரு 'ப' சிவப்பு, மற்றது நீலம். 'ம்' இரண்டும் அப்படியே. பின்பக்கத்தில் எல்லாமே கறுப்பு மையில். மாத்தளையில் தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு உயர்தர இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி 27 வருடம் ஆகிறது. வரிசைமாற்றமும் சேர்மானமும் பாடத்துக்கு வரும்போதெல்லாம் அந்தப் பேணி வெளியே வரும்.

நான் படித்த காலத்தில் இந்தக் கணக்குகள் ஆங்கில எழுத்துச் சொற்களோடுதான் வந்தன. மிசிசிப்பி ஆற்றின் பெயர் வராத புத்தகமே இல்லை என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு 11 எழுத்து. அவற்றை 34,650 விதமாக அடுக்கலாம். அதே ஆற்றைத் தமிழில் எழுதினால் மி, சி, சி, ப், பி என்று ஐந்தே எழுத்து. 'சி' இரண்டு தடவை வருவதால் 60 அடுக்குகள். ஆறு ஒன்றுதான், எழுத்து என்று எதை எண்ணுகிறோம் என்பது மாறினால் விடையும் மாறிவிடுகிறது. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். தமிழில் 'மா' என்பது ஓர் எழுத்து. அதை 'ம' என்றும் கால் என்றும் பிரித்து எண்ணக் கூடாது. 'ம்' வேறு எழுத்து, 'ம' வேறு எழுத்து. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை எல்லோருக்கும் தெரியும். 'முத்துமாரியம்மன்' என்ற பெயரில் மு, மா, ம், ம என்று மகர வரிசை நான்கு தடவை வந்தாலும் ஒன்பது எழுத்தும் ஒன்பது வேறு எழுத்துகள். திரும்பி வரும் எழுத்து ஒன்றுகூட இல்லை.

திரும்பி வரும் எழுத்து இருந்தால்தான் இந்தக் கணக்குக்கு உயிர். அப்படிப்பட்ட தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடி அலைந்தபோது, வீட்டு முற்றத்தில் பையன்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ப, ம், ப, ர, ம். இரண்டு சோடி, ஒரு தனி. இதைவிட அளவான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கில் 'சொல்' என்றால் எழுத்துகளின் அடுக்கு என்று மட்டும்தான் பொருள். 'ம்ம்பபர' என்பதும் ஒரு சொல்தான். பொருள் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினால் கணக்கு அகராதி வேலையாகிவிடும். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டம். அவர்களுடைய கஷ்டத்தில் நியாயம் உண்டு, கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் ஐந்து எழுத்தையும் வைத்து எத்தனை சொல் என்று கேட்பேன். அட்டைகளை நிறப்பக்கம் தெரிய வைத்தால் ஐந்தும் ஐந்து வேறு பொருள்கள். முதல் இடத்துக்கு ஐந்து வழி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. 5! = 120. பிறகு ஏதாவது ஓர் அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு அட்டைகளைப் புரட்டிக் கறுப்புப் பக்கத்தைக் காட்டுவேன். 'பம்பரம்' என்று தெரியும். மறுபடி நிறப்பக்கத்துக்குத் திருப்பி, சிவப்பு 'ப'வையும் நீல 'ப'வையும் இடம் மாற்றிவிட்டுப் புரட்டினால் அதே 'பம்பரம்'. 'ம்' இரண்டையும் மாற்றினாலும் அதே. ஆக, ஒரு கறுப்புச் சொல்லுக்குப் பின்னால் நான்கு நிறச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. 120ஐ 4ஆல் பிரித்தால் 30. புத்தகத்தில் 5!/(2! × 2!) என்று எழுதியிருப்பது இதைத்தான். பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியிலேயே இந்தப் பிரித்தல் இருக்கிறது. எல்லாமே வேறு பொருளாக இருக்கும் கணக்குக்கு, சிவனுடைய பத்துக் கையிலும் பத்துப் பொருளை எத்தனை விதமாக மாற்றிப் பிடிக்கலாம் என்று அவர் கேட்கிறார். 36,28,800 என்று விடை வருகிறது. விஷ்ணுவுக்கு நான்கு கை என்பதால் 24.

இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் தடுக்கி விழுவதில்லை. நான் விழுந்த இடம் அடுத்தது.

தொடக்க வருடங்களில் ஐந்து எழுத்தையும் எடுத்து அடுக்குவதோடு, நான்கை மட்டும் எடுத்து அடுக்கும் கணக்கையும் கொடுப்பேன். அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். ஐந்து எழுத்தில் நான்கை எடுத்து அடுக்க 5 × 4 × 3 × 2 = 120 வழி. சோடி இரண்டு இருப்பதால் 4ஆல் பிரி. 30. விடை சரியாகவே வந்தது. வருடக்கணக்கில் சரியாகவே வந்தது. வழி பிழை என்று சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

ஒரு வருடம் நான்குக்குப் பதிலாக மூன்று எழுத்துச் சொல் எத்தனை என்று கேட்டுவிட்டேன். கரும்பலகையில் நானே செய்தேன். 5 × 4 × 3 = 60, நான்கால் பிரித்தால் 15. வகுப்பு முழுக்க 15 என்று கொப்பியில் எழுதியது. எல்கடுவப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை ஒருத்தி மட்டும் எழுதவில்லை. குனிந்து ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, எழுதலையா?"

"சேர், எனக்கு பதினெட்டு வருது."

"எங்க, காட்டுங்க பாப்பம்."

அவள் ஒரு சூத்திரமும் போடவில்லை. பபம், பபர், பம்ப என்று எழுத முயன்று, புள்ளி எங்கே போகிறது என்று குழம்பி, பிறகு ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் போட்டிருந்தாள். மூன்று கட்டம், ஒரு சொல். ஆறு வரி, வரிக்கு மூன்று. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பதினெட்டும் பதினெட்டு வேறு சொற்கள். என்னுடைய 15இல் மூன்று சொல் காணாமல் போயிருந்தது. அன்று வகுப்பை அரை மணி முன்னதாக விட்டுவிட்டு, எல்லாரையும் 15ஐ வெட்டச் சொல்லி அனுப்பினேன். எங்கே பிழை என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நிறப் பேனையால் துண்டுக் கடதாசிகளில் எழுதி மேசையில் பரப்பினேன். பேணிக்குள் இருக்கும் அட்டைகள் அந்த இரவில் பிறந்தவைதான்.

'பம்ர' என்று மூன்று கறுப்பு அட்டை. அதன் பின்பக்கம் 'ப' சிவப்பாக இருக்கலாம் அல்லது நீலமாக இருக்கலாம், 'ம்' அப்படியே. இரண்டு இரண்டு நான்கு நிறச் சொற்கள். நான்கால் பிரித்தது இங்கே நியாயம். 'பபம்' எடுத்தாலும் 'ப' இரண்டும் இடம் மாற 2, எந்த 'ம்' என்று தெரிய 2, ஆக நான்குதான். ஆனால் 'பபர' என்று எடுத்தால்? 'ப' இரண்டும் இடம் மாறலாம், அவ்வளவுதான். 'ம்' அந்தச் சொல்லுக்குள்ளேயே இல்லை. நிறச் சொற்கள் இரண்டே இரண்டு. இதையும் நான்கால் பிரித்தால் ஒரு முழுச் சொல் அரைச் சொல்லாகிவிடும்.

பபர, பரப, ரபப என்று 'ம்' இல்லாத சொல் மூன்று. அதேபோல் 'ப' இல்லாத சொல் மூன்று. இந்த ஆறுக்கும் தலா இரண்டு நிறச் சொல், மொத்தம் 12. மற்றச் சொற்களுக்குத் தலா நான்கு. 60இல் 12 போக 48. 48ஐ நான்கால் பிரித்தால் 12 சொல். பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு. அவளுடைய கொப்பியில் இருந்த அதே பதினெட்டு. என் குறுக்கு வழி அந்த ஆறு சொல்லையும் பாதியாக வெட்டி மூன்றாக்கியிருந்தது.

அப்படியென்றால் நான்கெழுத்துச் சொல்லில் ஏன் அது பிடிபடவில்லை? ஐந்து அட்டையில் நான்கை எடுத்தால் வெளியே நிற்பது ஒன்றே ஒன்று. எந்தச் சோடியும் முழுதாக வெளியே போக முடியாது. ஆகவே எல்லாச் சொல்லுக்கும் சரியாக நான்கு நிறச் சொற்கள் இருந்தன, பிழையான வழி சரியான விடையைத் தந்துகொண்டிருந்தது. நான்கெழுத்துச் சொற்களும் ஐந்தெழுத்துச் சொற்களும் ஒரே 30 என்று வருவதற்கும் இதுதான் அடிப்படை. நான்கு எழுத்தை வைத்துவிட்டால் ஐந்தாவது எது என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது.

இப்போது பிள்ளைகளுக்கு அந்தக் குறுக்கு வழியை நானே எழுதிக் காட்டுவேன். பிறகு, "இதே வழியில ஓரெழுத்துச் சொல் எத்தனைன்னு பாருங்க" என்பேன். ஐந்தை நான்கால் பிரிக்க வேண்டும். ஒன்றேகால் சொல். வகுப்பு அமைதியாகிவிடும். ப, ம், ர என்று மூன்றுதான் விடை என்பது பார்த்தாலே தெரிகிறதே. ஈரெழுத்துக்குக் குறுக்கு வழி 20/4 = 5 என்கிறது; எழுதிப் பார்த்தால் எட்டு. ஒரு வழியில் சந்தேகம் வந்தால் மிகச் சிறிய எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்த ஒன்றேகாலில் இருந்துதான் வந்தது.

சரியான வழி இரண்டு வேலையாகப் பிரிகிறது. முதலில் எந்த எழுத்துகள் உள்ளே வருகின்றன என்று தெரிவு. பிறகுதான் அடுக்கு. மூன்றெழுத்துச் சொல்லென்றால், மூன்றும் வேறு எழுத்தாக வர ஒரே தெரிவு: ப, ம், ர. அதை அடுக்க 3! = 6. இரண்டு ஒரே எழுத்து, ஒன்று வேறு என்றால், சோடி எது என்பதற்கு 2 வழி, மற்ற எழுத்து எது என்பதற்கு 2 வழி, அடுக்க 3 வழி; பெருக்கினால் 12. கூட்டினால் 18. எண்ணிக்கை நிபந்தனை வந்தாலும் இதே வழிதான். 'ம்' ஒரு தடவையாவது வர வேண்டும் என்று கேட்டால், 'ம்' வராத மூன்றைக் கழித்து 15. 'ம்' ஒரே ஒரு தடவை வர வேண்டும் என்றால், அதனோடு 'ப' இரண்டும் வரலாம், அதற்கு 3 அடுக்கு. அல்லது ஒரு 'ப'வும் 'ர'வும் வரலாம், அதற்கு 6. மொத்தம் 9. 'ஆவது' என்ற ஒட்டைக் கவனிக்காமல் விட்டு 9 எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். பரீட்சையில் பகுதி ஏயில் ஒரு வினாவுக்கு 25 புள்ளி. கணக்குத் தெரிந்தும் அந்த ஓர் ஒட்டால் புள்ளியை விட்டுவருவது எனக்கு இன்றும் மனவருத்தம்.

இடத்தின் மேல் நிபந்தனை வருவது வேறு விதம். கோயிலின் பஞ்சரத பவனியைச் சொன்னால் உடனே விளங்கிவிடும். ஐந்து தேரை 120 விதமாக நிறுத்தலாம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் பிள்ளையார் முன்னால்தான் போக வேண்டும், சண்டேசுவரர் கடைசியில்தான் வர வேண்டும். அந்த இரண்டு இடத்தையும் முதலில் நிரப்பிவிட்டால் நடுவில் மூன்று தேர், 6 விதம். நிபந்தனை உள்ள இடத்தை முதலில் நிரப்பு, நிபந்தனை இல்லாததைக் கடைசிக்கு விடு. இதை மறந்து முதல் இடத்திலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டு போகிற பிள்ளை கடைசி இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

பம்பரத்துக்கு நான் கொடுக்கும் நிபந்தனை மூன்று. ஐந்து எழுத்தும் வர வேண்டும். 'ம்' முதலில் வரக் கூடாது. 'ம்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. அநேகமான பிள்ளைகள் கழித்தல் வழியில் போவார்கள். 'ம்' முதலில் வந்தால் மீதி ப, ப, ர, ம். அவற்றை 12 விதமாக அடுக்கலாம். 'ம்ம்' ஒட்டி வந்தால் அதை ஒரே கட்டையாக எடுத்து, ப, ப, ர சேர்த்து அடுக்கினால் அதுவும் 12. 30இலிருந்து இரண்டையும் கழித்து 6 என்று எழுதிவிடுவார்கள். 'ம்ம்பபர' போன்ற சொற்கள் இரண்டு கூட்டத்திலும் இருக்கின்றன என்பதும், அவை இரண்டு தடவை கழிபட்டுவிட்டன என்பதும் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவை மூன்று. அவற்றைத் திருப்பிச் சேர்த்தால் 9.

எனக்குப் பிடித்தது இடைவெளி வழி. நிபந்தனை இல்லாத ப, ப, ர மூன்றையும் முதலில் மேசையில் அடுக்கு. மூன்று விதம். இப்போது அவற்றுக்கு முன்னால் ஓர் இடைவெளி, நடுவில் இரண்டு, பின்னால் ஒன்று. முன்னால் உள்ளதை மூடிவிடு, ஏனென்றால் 'ம்' முதலில் வரக் கூடாது. மிஞ்சிய மூன்று இடைவெளியில் இரண்டைத் தெரிந்து ஒவ்வொன்றிலும் ஒரு 'ம்' செருகு. அதற்கு 3 வழி. மூன்று மூன்று ஒன்பது. ஓர் இடைவெளிக்கு ஒரு 'ம்' மட்டும் என்பதால் ஒட்டி நிற்கும் பேச்சே இல்லை, கழிக்கவும் ஒன்றும் இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் வெறும் கடதாசியிலும் செய்துவிடும்.

'ம்' முதலில் வராது என்ற நிபந்தனையை நான் சும்மா கற்பனையில் எடுக்கவில்லை. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. பொருள் வேண்டாம் என்றால் முகம் சுளிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் அவர்களுடைய இலக்கணத்தையே நிபந்தனையாகக் கொடுத்துவிடுவேன். தொல்காப்பியமும் நன்னூலும் எந்த எழுத்து முதலில் வரும், எது எதன் பின்னால் வரும் என்று வரையறுத்து வைத்திருக்கின்றனவே, அவை எல்லாம் இடத்தின் மேலான நிபந்தனைகள்தான்.

எங்கள் ஊரையே எடுப்போம். மா, த், த, ளை. நான்கும் வேறு எழுத்து. விஷ்ணுவின் கைகளைப் போல 24 அடுக்கு. தமிழில் 'த்' என்பதற்குப் பின்னால் தகர வரிசை மட்டும்தான் வரும். ஆகவே 'த்' அடுத்து 'த' என்று இரண்டும் ஒரு கட்டை. இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு எழுத்து ஒன்றாக வர வேண்டும் என்றால் உள்ளுக்குள் இடம் மாற 2ஆல் பெருக்கிப் பழகியவர்கள் இங்கேயும் பெருக்கிவிடுவார்கள். 'தத்' வேண்டாம், 'த்த' மட்டும்தான் வேண்டும். பெருக்கக் கூடாது. மூன்று கட்டை, 6 அடுக்கு. புள்ளி எழுத்து முதலில் வராது என்பதால் 'த்த' தொடங்கும் இரண்டும் போக 4. 'ளை' சொல்லுக்கு முதலில் வராது. அதில் தொடங்கும் இரண்டும் போக, 2. மாத்தளை, மாளைத்த.

பம்பரத்தில் மிஞ்சிய ஒன்பதையும் இதே சல்லடையில் போடுவோம். ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தானே இங்கே பக்கத்து ஊரை 'இரத்தோட்டை' என்று இகரம் சேர்த்து எழுதுகிறோம். 'ர'வில் தொடங்கும் மூன்றும் போனால் ஆறு: பம்பரம், பம்பம்ர, பபம்ரம், பம்ரம்ப, பம்ரபம், பரம்பம். 'ம்' என்பதற்குப் பின்னால் ப, ய, வ வரிசைகளும் மகரமும் வரும், ரகரம் வராது. நடுவில் உள்ள நான்கும் விழுந்துவிடும்.

போன மாதம் புது வகுப்பில் இதைச் செய்து முடித்து, கரும்பலகையில் 'பம்பரம்', 'பரம்பம்' இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தேன். பின்வாங்கில் இருந்த உக்குவளைப் பையன் ஒருவன் கை உயர்த்தினான்.

"சேர், பரம்பம்னா என்ன?"

"தெரியல. அகராதியில பாத்திட்டு வாங்க. மாளைத்தவையும் சேத்துப் பாருங்க."

அவன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டையும் கட்டம் கட்டி எழுதிக்கொண்டான், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து.